2¹⁰⁰-இல் எத்தனை இலக்கங்கள்? பெருக்கிப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் வழி

வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதுகிறவர்களின் பயிற்சித் தாள்களில் "log 2 = 0.30103 எனில், 2⁶⁴-இல் எத்தனை இலக்கங்கள் உள்ளன?" என்ற கேள்வி அடிக்கடி தலைகாட்டும். பெரும்பாலானோர் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு விடை போட்டுவிடுவார்கள். பெருக்கு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டு, ஒன்றைக் கூட்டு, அவ்வளவுதான். விடையும் சரியாகவே வரும். ஆனால் ஏன் வெட்டுகிறோம், எதற்கு ஒன்றைக் கூட்டுகிறோம், 0.30103 என்பதை 0.3 என்று சுருக்கிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் சூத்திரத்தை நினைவில் வைக்கவே தேவையில்லை. 2¹⁰⁰-ஐ எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இலக்கங்களை எண்ணுவது என்றால் என்ன

347 ஏன் மூன்று இலக்க எண்? அது 100-க்குக் குறையாது, 1000-ஐ எட்டாது. 100 என்பது 10², 1000 என்பது 10³. அதாவது 10²-இல் தொடங்கி 10³-க்கு முன்பு வரை உள்ள எல்லா முழு எண்களும் மூன்று இலக்கம் கொண்டவை. கீழ் எல்லையில் இருக்கும் அடுக்கு 2, ஆனால் இலக்கங்கள் 3. அந்த 'ஒன்றைக் கூட்டு' இங்கேதான் பிறக்கிறது: 10² என்று எழுதினால் ஒன்றுக்குப் பின் இரண்டு சுழியங்கள், முன்னால் நிற்கும் 1-ஐயும் சேர்த்து மூன்று இலக்கங்கள்.

ஆக, ஓர் எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது பத்தின் எந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே விழுகிறது என்று தெரிந்தால் போதும். 10³⁰-க்கும் 10³¹-க்கும் நடுவே என்றால் 31 இலக்கங்கள். எண்ணின் உள்ளே என்ன இலக்கங்கள் இருக்கின்றன என்று தெரியவே வேண்டாம்.

2-ஐப் பத்தின் அடுக்காக எழுதுவது

2¹⁰⁰-இல் இருப்பது இரண்டின் அடுக்கு. நமக்கு வேண்டியது பத்தின் அடுக்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் எண்தான் மடக்கை. log 2 என்றால், 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்ற கேள்விக்கான விடை.

10⁰ = 1, 10¹ = 10. 2 இவற்றுக்கு நடுவே இருப்பதால் விடை 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஒரு தசம எண். தசம அடுக்கு என்றதும் புதியவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். அது எங்கிருந்து வருகிறது என்பதை இப்படிப் பார்க்கலாம். 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1024 வரும். அது 1000-க்குச் சற்றே மேல். அதாவது பத்து இரண்டுகள் சேர்ந்து ஏறத்தாழ 10³ ஆகின்றன. அப்படியானால் ஓர் இரண்டின் பங்கு சுமார் 3/10, அதாவது 0.3. 1024 என்பது 1000-ஐவிட ஒரு துளி கூடுதல் என்பதால் உண்மையான மதிப்பும் 0.3-ஐவிட ஒரு துளி கூடுதல்: 0.30102999566… என்று முடிவில்லாமல் போகும். ஐந்து தசம இடங்களுக்குத் திருத்தினால் 0.30103.

இப்போது கணக்கு

முதல் படி, அடுக்கை மடக்கையால் பெருக்குங்கள். 2 = 10^0.30103 என்பதால் 2¹⁰⁰ = 10^(100 × 0.30103) = 10^30.103. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்ற பள்ளிக்கூட விதிதான் இது.

இரண்டாம் படி, வந்த விடையில் புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுங்கள். 30.103 என்பது 30-க்கும் 31-க்கும் நடுவே இருக்கிறது. ஆகவே எண் 10³⁰-க்கும் 10³¹-க்கும் நடுவே இருக்கிறது. இங்கே 'வெட்டு' என்பதன் பொருள் இதுதான்: கீழ் எல்லை எது என்று கண்டுபிடிக்கிறோம், அண்மை முழு எண்ணுக்குத் திருத்தவில்லை. இந்த வேறுபாட்டில் பலர் சறுக்குவார்கள். 2⁹³-ஐப் பாருங்கள்: 93 × 0.30103 = 27.99579. கை தானாகவே அதை 28 என்று திருத்தப் பார்க்கும். திருத்திவிட்டு ஒன்றைக் கூட்டினால் 29 வரும், அது தவறு. 27.99579 இன்னும் 28-ஐத் தொடவில்லை. கீழ் எல்லை 27, இலக்கங்கள் 28.

மூன்றாம் படி, ஒன்றைக் கூட்டுங்கள். 30 + 1 = 31.

2¹⁰⁰-இல் 31 இலக்கங்கள். நம்பிக்கை இல்லையென்றால் எண்ணிப் பாருங்கள்:

1267650600228229401496703205376

தேர்வுக் கேள்வியில் வந்த 2⁶⁴-உம் இதே வழிதான். 64 × 0.30103 = 19.26592, எனவே 20 இலக்கங்கள்.

வெட்டிய பகுதியைத் தூக்கி எறியாதீர்கள்

30.103-இல் 30-ஐ எடுத்துக்கொண்டு 0.103-ஐ விட்டுவிட்டோம். இலக்கங்களை எண்ண அது தேவையில்லை, உண்மைதான். ஆனால் எண் எப்படித் தொடங்குகிறது என்ற தகவல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. 10^30.103 = 10^0.103 × 10³⁰. பின்னால் வரும் 10³⁰ புள்ளியை நகர்த்தும் வேலையை மட்டுமே செய்கிறது. முன்னணி இலக்கங்களைத் தருவது 10^0.103.

எதிர்மடக்கை அட்டவணை கையில் இருந்தால் 0.1030-க்கு எதிரே 1.268 என்று நேராகப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டாலும் log 2-ஐ மட்டும் வைத்துக்கொண்டு நெருங்க முடியும். 1.25 என்பது 10/8. 8 என்பது 2³. எனவே log 1.25 = 1 − 3 × 0.30103 = 0.09691. அப்புறம் 1.28 என்பது 128/100, அதாவது 2⁷/10². log 1.28 = 7 × 0.30103 − 2 = 0.10721. நம்முடைய 0.103 இந்த இரண்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறது. ஆகவே 2¹⁰⁰ என்பது 1.25 × 10³⁰-க்கும் 1.28 × 10³⁰-க்கும் இடையில், '12' என்றுதான் தொடங்கியாக வேண்டும். மேலே உள்ள நீண்ட எண்ணைப் பாருங்கள், 1267 என்று தொடங்குகிறது.

கடைசி இலக்கத்தை மடக்கை சொல்லாது. அதற்கு வேறு வழி உண்டு: இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றி வரும். 100 நான்கால் வகுபடும் என்பதால் 6. ஆக ஒரு துண்டுச் சீட்டில், 31 இலக்கம், 12-இல் தொடங்கி 6-இல் முடியும் என்று மூன்றையும் சொல்லிவிடலாம்.

0.3 எதுவரை தாங்கும்

'1024-ஐ 1000 என்று வைத்துக்கொள், 2¹⁰⁰ = 10³⁰, விடை 31' என்று மனத்திலேயே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது நல்ல வழிதான், 2¹⁰⁰-க்குச் சரியாகவும் வருகிறது. ஆனால் அதற்கு மிக அருகிலேயே பள்ளம் இருக்கிறது.

0.3 என்று வைக்கும்போது ஒவ்வோர் இரண்டுக்கும் 0.00103 குறைத்துக் கணக்கிடுகிறோம். நூறு இரண்டுகளுக்கு அது 0.103 ஆகச் சேர்ந்துவிடுகிறது. 30.0 என்று வந்தது உண்மையில் 30.103, இரண்டும் 30-க்கும் 31-க்கும் நடுவேதான், எனவே தப்பித்தோம். 2¹⁰³-இல் தப்ப முடியாது. 103 × 0.3 = 30.9, அதன்படி 31 இலக்கங்கள். உண்மையில் 103 × 0.30103 = 31.00609, அதாவது 32 இலக்கங்கள். 0.3-ஐ வைத்து முதன்முதலாகத் தவறு வரும் இடம் இந்த 103-தான், அதற்குக் கீழே உள்ள எல்லா அடுக்குகளுக்கும் அது சரியான விடையே தரும். 2¹⁰⁰⁰-க்குப் போனால் 301 என்று சொல்லும், சரியான விடை 302.

பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் பயன்படும் மடக்கை அட்டவணையில் நான்கு இடங்கள்தான்: 0.3010. அதில் பிழை 0.00003. இது மிகச் சிறியது என்று தோன்றும், ஆனால் 2¹⁹⁶-இல் முதல் அடி விழும். 196 × 0.3010 = 58.996, அதன்படி 59 இலக்கங்கள். ஐந்து இடங்களில் போட்டால் 59.00188 வரும், 60 இலக்கங்கள். இரண்டாவதுதான் சரி.

இந்த இரண்டு உதாரணங்களிலும் ஒரே கதைதான் நடக்கிறது. மடக்கையில் உள்ள பிழையை அடுக்கு பெருக்கிவிடுகிறது. பெருகிய பிழை, விடைக்கும் பக்கத்து முழு எண்ணுக்கும் உள்ள தூரத்தைத் தாண்டினால் இலக்கக் கணக்கு ஒன்று தவறும். எனவே பெருக்கியதும் புள்ளிக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். பெருகிய பிழை மிகச் சிறியதாக இருக்கும்வரை, .4, .7 என்று நடுவில் இருந்தால் கவலையில்லை. .99-இல் தொடங்கினாலோ .00-இல் தொடங்கினாலோ நின்று, இன்னும் இரண்டு தசம இடங்கள் சேர்த்து மறுபடி போட வேண்டும்.

ஐந்து இடமும் எப்போதும் போதாது. 2¹⁰⁰⁰⁰⁰-ஐ 0.30103 வைத்துப் போட்டால் சரியாக 30103.0 வரும், ஒன்றைக் கூட்டினால் 30104. ஆனால் 0.30103 என்பது மேல்நோக்கித் திருத்திய எண். உண்மை மதிப்பான 0.3010299957-ஐ வைத்தால் 30102.99957, ஆக 30103 இலக்கங்கள். விடை இப்படிக் கச்சிதமான முழு எண்ணாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இரண்டின் எந்த அடுக்கும் பத்தின் அடுக்காக இருக்கவே முடியாது (1 தவிர), ஏனென்றால் அதன் கடைசி இலக்கம் 0 ஆகாது. எனவே தசமப் பகுதி முழுச் சுழியமாக வந்தால் அது நம் திருத்தலின் வேலை.

நிஜமான பெரிய எண் ஒன்று

2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண் பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்தது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் என்று செய்திகளில் வந்தது. சரிபார்க்கலாம்.

முதலில் அந்த − 1. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இலக்கம் குறையுமா? 1000-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 999 ஆகி ஓர் இலக்கம் குறையும், ஆனால் அது பத்தின் அடுக்குகளுக்கு மட்டுமே நடக்கும். நம் எண் பத்தின் அடுக்கு இல்லை என்பதால் − 1-ஐ மறந்துவிடலாம்.

நான்கு இட அட்டவணையால் 136279841 × 0.3010 என்று போட்டால் 41020232 சொச்சம் வரும். நான்காயிரத்துக்கும் மேல் இடிக்கிறது. 0.30103-ஐ வைத்தால் 41024320.536, அதாவது 41024321 இலக்கங்கள். நெருங்கிவிட்டோம், ஆனால் ஒன்று கூடுதல். பதினோரு இடங்கள் கொண்ட 0.30102999566-ஐ வைத்தால் 41024319.945 வரும். ஒன்றைக் கூட்டினால் 41024320. செய்தி சரி. தசமப் பகுதி 0.945 என்பதால் எண் 8-இல் தொடங்கும் என்றும் கூடவே தெரிகிறது (log 8 = 0.903, log 9 = 0.954).

எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: அடுக்கில் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றனவோ, அதைவிட இரண்டு மூன்று கூடுதலாக மடக்கையில் தசம இடங்கள் இருக்கட்டும். மேலே அடுக்கு ஒன்பது இலக்கம், நாம் பதினொன்று எடுத்தோம். இதுவும் உத்தரவாதம் இல்லை, முழு எண்ணுக்கு மிக அருகில் விழுந்தால் இன்னும் வேண்டியிருக்கும்.

கணிப்பானிலும் கணினியிலும்

அறிவியல் கணிப்பானில் 2¹⁰⁰ போட்டால் 1.2676506 × 10³⁰ என்று காட்டும். 30-ஓடு ஒன்றைக் கூட்டினால் முடிந்தது, மடக்கையே வேண்டாம். ஆனால் பெரும்பாலான கைக்கணிப்பான்கள் 10¹⁰⁰-ஐ எட்டியதும் பிழை காட்டிவிடும். 2³³² வரை போகும், 2³³³ போட்டால் Math ERROR. அங்கிருந்து மேலே log 2-ஐ அடுக்கால் பெருக்குவதுதான் வழி.

அப்போது கவனிக்க வேண்டியது log, ln என்ற இரண்டு விசைகள். ln என்பது பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை இல்லை. அதை அழுத்தினால் 100 × 0.6931 = 69.31, விடை 70 என்று தப்பாக வரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: மூன்று இரண்டுகள் சேர்ந்தாலும் 8-தான், ஓர் இலக்கத்தைத் தாண்டவில்லை. எனவே இரண்டின் பெரிய அடுக்குகளில் இலக்கங்கள் அடுக்கின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நூறுக்கு எழுபது வந்தால் தவறான விசையை அழுத்தியிருக்கிறீர்கள்.

பைத்தானில் இரண்டு விதமாகவும் செய்யலாம்:

```
import math
n = 100
print(len(str(2**n)))
print(math.floor(n * math.log10(2)) + 1)
```

இரண்டும் 31 தரும். n-ஐ 100000 ஆக்கினால் முதல் print வரி புதிய பதிப்புகளில் ValueError காட்டி நின்றுவிடும், ஏனென்றால் 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட முழு எண்ணை எழுத்துச்சரமாக மாற்றுவதற்கு இயல்பாகவே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினால், இரண்டாவது print வரி அலட்டிக்கொள்ளாமல் 30103 என்று சொல்லும். math.log10 என்றே எழுதுங்கள். math.log(x) மட்டும் எழுதினால் அது ln. math.log(x, 10) என்பதும் நம்பத்தக்கதில்லை: math.log(1000, 10) போட்டால் 3 வராமல் 2.9999999999999996 வரும், வெட்டினால் 2 ஆகி 1000-க்கு மூன்று இலக்கம் என்று சொல்லிவிடும்.

மற்ற எண்களுக்கு

வழி மாறாது, மடக்கை மட்டும் மாறும். log 3 = 0.47712 என்பதால் 3¹⁰⁰-இல் 47.712, எனவே 48 இலக்கங்கள். 6 என்றால் log 2, log 3 இரண்டையும் கூட்டினால் 0.77815. 5-க்குத் தனியாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம், 10/2 என்பதால் 1 − 0.30103 = 0.69897. 5¹⁰⁰-இல் 69.897, ஆக 70 இலக்கங்கள். 2¹⁰⁰-இன் 31-ஐயும் 5¹⁰⁰-இன் 70-ஐயும் கூட்டினால் 101 வருவது தற்செயல் இல்லை. இரண்டு மடக்கைகளையும் கூட்டினால் சரியாக 100, இரண்டிலும் வெட்டிய தசமங்கள் சேர்ந்து ஒன்று. வெட்டியதால் அந்த ஒன்று போய்விட்டது, இரண்டு முறை ஒன்றைக் கூட்டியதால் இரண்டு வந்தது. எந்த அடுக்கு n-க்கும் இந்தக் கூட்டுத்தொகை n + 1-தான்.

தலைகீழாகவும் போகலாம்

பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை அட்டவணையை முதன்முதலில் வெளியிட்டவர் ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர், 1617-இல். அவருக்கு log 2-ஐச் சொல்லித்தர எந்த அட்டவணையும் இல்லை. 1624-இல் வெளியிட்ட பெரிய நூலில் அவர் காட்டும் வழிகளில் ஒன்று, நாம் இவ்வளவு நேரம் செய்ததன் மறுபக்கம்: இரண்டின் பெரிய அடுக்கு ஒன்றில் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணி, அதிலிருந்து மடக்கையைக் கறப்பது. இலக்க எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அடுக்கால் வகுத்தால் போதும்.

2¹⁰-இல் 4 இலக்கங்கள், எனவே 3/10 = 0.3. 2¹⁰⁰-இல் 31, எனவே 0.30. 2¹⁰⁰⁰-இல் 302, எனவே 0.301. 2¹⁰⁰⁰⁰-இல் 3011, எனவே 0.3010. 2¹⁰⁰⁰⁰⁰-இல் 30103, எனவே 0.30102. அடுக்கில் ஒரு சுழியம் சேரச் சேர, மடக்கையில் ஓர் இடம் கூடுதலாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிய எண்களை முழுக்க எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு பெருக்கலிலும் முன்னணி இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை இடம் நகர்ந்தது என்று குறித்துக்கொண்டே போகலாம். 2¹⁰-ஐ 1.024 × 10³ என்று எழுதி, 1.024-ஐப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 1.2677 வரும், அதுவே 2¹⁰⁰-இன் தலை. 1.2677-ஐ மறுபடி பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 10.7, அதாவது பத்தைத் தாண்டி ஓர் இடம் நகர்ந்துவிட்டது. 2¹⁰⁰⁰-இல் 301-க்குப் பதில் 302 இலக்கங்கள் வருவதற்குக் காரணம் இந்த ஓர் இடம்தான்.